அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை

நம் உடலில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். அதில் கரைந்திருக்கும் சர்க்கரையை எல்லாம் பிரித்தெடுத்து ஒரு தட்டில் கொட்டினால் எவ்வளவு இருக்கும்? வெறும் ஒரு தேக்கரண்டி. காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனை 90 மில்லிகிராம் என்று காட்டினால், அது ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலும் உள்ள அளவு. மொத்தக் கணக்கு நாலரை கிராம்தான்.

இந்தச் சிறு இருப்பை நம்பித்தான் மூளை வாழ்கிறது. உடல் எடையில் அது ஐம்பதில் ஒரு பங்கு. உடல் செலவழிக்கும் ஆற்றலிலோ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. மணிக்கு ஏறக்குறைய 5 கிராம் குளுக்கோஸ் வேண்டும். தனக்கென்று சொல்லிக்கொள்ளும்படியான சேமிப்பும் அதனிடம் இல்லை. ரத்தத்தில் உள்ளதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். ஆனாலும் ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் தூங்குகிறோம், காலையில் தெளிவாக எழுகிறோம். கல்லீரல் தன் கிடங்கில் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தாக 100 கிராம் அளவில் வைத்திருப்பதைச் சொட்டுச் சொட்டாக அவிழ்த்துவிட்டபடியே இருப்பதுதான் காரணம்.

காவலும் அடுக்கடுக்கானது. அளவு 80ஐ ஒட்டி இறங்கியதுமே கணையம் இன்சுலினை நிறுத்திவிடும். 70ஐ நெருங்கினால் குளுக்ககான் என்ற ஹார்மோனை அனுப்பிக் கல்லீரல் கிடங்கைத் திறக்கும். பின்னாலேயே அட்ரினலினும் அதோடு கிளம்பும் நரம்புகளும் வந்து நெஞ்சைப் படபடக்க வைத்து, கையை நடுங்க வைத்து, பசியைக் கிளப்பி, “எழுந்து ஏதாவது சாப்பிடு” என்று ஆளையே உலுக்கும். ஆனால் ஊசி வழியே உள்ளே போன இன்சுலினை எந்தக் கணையத்தாலும் நிறுத்த முடியாது. பல ஆண்டுகள் சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர்களுக்குக் குளுக்ககான் எழுப்பும் மணியும் மங்கிப் போயிருக்கும். முதல் இரண்டு காவலர்களும் இல்லாத அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு காவல் தேவை. மருத்துவமனை வார்டில் செவிலியர் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் ‘லோ சுகர்’ அட்டை அந்தக் காவல்தான். அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு உடலியல் ஒளிந்திருக்கிறது. ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டு அதை வரி வரியாகப் படிப்போம்.

இப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 64. இருபது வருடச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண், சிறுநீரகம் சற்றே பலவீனம். காலையில் கிளிமிபிரைடு மாத்திரை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் 20 யூனிட் கலவை இன்சுலின். அன்று ஏழரை மணிக்கு ஊசி போட்டாயிற்று. புண்ணுக்குக் கொடுத்த மருந்து குமட்டியதால் மூன்று இட்லியில் அரை இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு அவர் மனைவி ஓடி வருகிறார்: “சிஸ்டர், இவரு என்னமோ ஒளர்றாருங்க. ட்ரிப்ஸ பிடுங்கப் பாக்குறாரு.”

அட்டையின் முதல் வரி: நடத்தை மாறினால் முதலில் சர்க்கரையைப் பார்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி ஆகியவை அட்ரினலினும் அதோடு கிளம்பும் நரம்புகளும் எழுப்பும் கூச்சல். உளறல், எரிச்சல், குழறும் பேச்சு, மயக்கம், வலிப்பு ஆகியவை மூளை பட்டினி கிடப்பதன் அடையாளம். வழக்கமாகக் கூச்சல் முந்தும், பட்டினி பிந்தும். தூக்கத்தில் அந்தக் கூச்சல் யாருக்கும் கேட்பதில்லை. நேராக இரண்டாம் கட்டத்தில்தான் ஆள் கண்ணில் படுகிறார். அதைப் பார்ப்பவர்கள் “வயசாயிடுச்சு, ஆஸ்பத்திரி இடம் ஒத்துக்கல” என்று நினைத்துவிடலாம். ஒரு பக்கம் கை கால் வராமல் போய், பக்கவாதம் போலவே வேடம் போடுவதும் உண்டு.

இதில் ஒரு அழகான நுணுக்கம். ரத்த அழுத்தத்துக்காக அட்டினலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் அமுங்கிப்போகும். வியர்வை மட்டும் தப்பிவிடும். காரணம், வியர்வைச் சுரப்பிக்கு ஆணை போகும் நரம்பு அட்ரினலின் வகையைப் பயன்படுத்துவதில்லை. அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருளால் பேசுகிறது. மாத்திரை ஒரு கம்பியை அறுத்தாலும் இன்னொரு கம்பி வேலை செய்கிறது. அதனால்தான் அனுபவமுள்ள செவிலியர் உளறும் நோயாளியிடம் வந்ததும் முதலில் நெற்றியையும் பிடரியையும் தொட்டுப் பார்க்கிறார். நம் பெரியவரின் தலையணை உறை தொப்பலாக நனைந்திருக்கிறது.

இரண்டாம் வரி: விரலைத் துடை, ட்ரிப்ஸ் ஏறாத கையில் குத்து

விரல் நுனியில் எடுக்கும் சொட்டில் குளுக்கோமீட்டருக்குத் தேவையானது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி காய்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கிறது. பல ஸ்ட்ரிப்புகளில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். ஒருவகைக் கறுப்புப் பூஞ்சையிலிருந்து எடுப்பது. அந்த நொதி குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கிறது, அவை மெல்லிய மின்னோட்டமாக ஓடுகின்றன, அதை எண்ணிக் கருவி ஐந்தே விநாடியில் விடை சொல்கிறது. நொதியை மின்முனையோடு சேர்த்து இப்படி அளக்கலாம் என்று 1962இல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார்.

இவ்வளவு கூர்மையான கருவிக்கு, குளுக்கோஸ் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வாழைப்பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் பசையும் அதற்குக் குளுக்கோஸ்தான். குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏறும் கையிலிருந்து எடுத்த சொட்டு, நோயாளியின் அளவை விட்டுவிட்டுப் பாட்டிலின் அளவைச் சொல்லும். இரண்டுமே எண்ணைப் பொய்யாக உயர்த்தும். அதாவது ஆபத்தை மறைக்கும். தவிர, 100க்குக் கீழே உள்ள அளவுகளில் 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ காட்டுவதைத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. ஆகவே 76 என்று திரையில் தெரிந்தாலும் எதிரே இருப்பவர் வியர்த்து உளறுகிறார் என்றால், செவிலியர் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

மணி 3.05. இடது கையில் மருந்து ஏறுகிறது. வலது கையின் நடுவிரலை ஈரப் பஞ்சால் துடைத்து, உலரவிட்டு, குத்துகிறார். திரையில் 48.

70க்குக் கீழே இருந்தால் உடனே சிகிச்சை. 54க்குக் கீழே இருந்தால் அது தீவிரம், டாக்டருக்கும் அழைப்பு. இந்த 48 எவ்வளவு சிறிய குறை என்று பாருங்கள். ரத்தம் முழுக்கச் சேர்த்து இப்போது இருப்பது 2.4 கிராம். தெளிவாகப் பேசிய மனிதருக்கும் மனைவியை அடையாளம் தெரியாத இந்த மனிதருக்கும் இடையே ரத்தத்தில் உள்ள வித்தியாசம் அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை.

மூன்றாம் வரி: விழுங்க முடிகிறதா? முடிந்தால் வாய் வழியே 15 கிராம் குளுக்கோஸ்

வாயில் எதையும் வைப்பதற்கு முன் ஒரு சோதனை. “ஐயா, நிமிர்ந்து உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க.” உட்காருகிறார், விழுங்குகிறார், இருமல் இல்லை. தலைதட்டிய மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறார் செவிலியர்.

குறை இரண்டு கிராம்தானே, எதற்குப் பதினைந்து? குளுக்கோஸ் ரத்தக் குழாய்களுக்குள் மட்டும் நிற்பதில்லை. செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் பரவுகிறது. அந்தத் தொட்டியின் கொள்ளளவு 14 லிட்டர் அளவுக்கு இருக்கும். போதாததற்கு, மாலையில் போட்ட இன்சுலின் இன்னும் வேலையில் இருக்கிறது. வரும் குளுக்கோஸில் ஒரு பகுதியைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஓட்டையுள்ள பெரிய தொட்டியை நிரப்பும் கணக்கு இது.

ஏன் குளுக்கோஸ்? ஏன் கையில் கிடைத்த சாக்லேட்டோ பால்கோவாவோ ஆகாது? கொழுப்பு இரைப்பையின் வாசலை மெதுவாகத்தான் திறக்கும். அவசரத்தில் அந்தத் தாமதம் தாங்காது. சமையலறைச் சர்க்கரை பரவாயில்லை, ஆனால் அது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோத்த இரட்டை. குடலில் ஒரு நொதி வெட்டினால்தான் குளுக்கோஸ் விடுபடும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கத்தரிக்கோலையே மாத்திரை கட்டிப்போட்டிருக்கும். அவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் எண் சோம்பலாகத்தான் ஏறும். குளுக்கோஸோ வெட்டவே வேண்டாத பொருள். அதனால்தான் அட்டை அதைப் பெயர் சொல்லிக் கேட்கிறது.

நான்காம் வரி: விழுங்க முடியாதவர் வாயில் எதுவும் வைக்காதே

பெரியவர் மயங்கிக் கிடந்திருந்தால் வேறு கதை. மயங்கியவர் வாயில் ஊற்றிய இனிப்பு நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இன்சுலின் ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தி, உதவிக்குக் குரல் கொடுத்து, சிரை வழியே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். 25 சதவீதக் கரைசலில் 100 மில்லி என்றால் 25 கிராம். 10 சதவீதக் கரைசலில் 150 முதல் 200 மில்லி என்றால் 15 முதல் 20 கிராம். இரண்டும் வழக்கில் உண்டு.

பெரியவர்களுக்கு 50 சதவீதக் கரைசலை ஏற்றும் பழக்கமும் இருக்கிறது. வேகம் அதிகம்தான், ஆனால் அது ரத்தத்தைவிட எட்டு ஒன்பது மடங்கு அடர்த்தியான பாகு. ஊசி சிரையை விட்டு விலகி அது வெளியே கசிந்தால், சுற்றியுள்ள சதையின் நீரை உறிஞ்சிப் புண்ணாக்கிவிடும். 10 சதவீதக் கரைசலோ இரண்டு மடங்குக்கும் குறைவு. சிரை அதைப் பொறுத்துக்கொள்ளும். எதை ஏற்றினாலும் முதலில் கொஞ்சம் உப்பு நீரைச் செலுத்தி, வழி திறந்திருக்கிறதா, கை வீங்குகிறதா என்று பார்ப்பது அந்த ஒரு நிமிடத்துக்குத் தகும்.

சிரையே கிடைக்கவில்லை என்றால் தசையில் 1 மில்லிகிராம் குளுக்ககான். அது குளுக்கோஸைக் கொண்டுவருவதில்லை. கல்லீரல் கிடங்குக்குச் சாவி கொடுக்கிறது, அவ்வளவுதான். நாள்கணக்கில் சாப்பிடாதவருக்கும் குடிநோயாளிக்கும் கிடங்கே காலி. திறந்த கதவுக்குப் பின்னால் எதுவும் இருக்காது.

ஐந்தாம் வரி: 15 நிமிடம் கழித்து மறுபடி பார்

மணி 3.20. எண் 61. மனைவி கையில் இருக்கும் லட்டையும் ஊட்டிவிடத் துடிக்கிறார். “கொஞ்சம் பொறுங்கம்மா, ஏறிட்டுதான் இருக்கு.” குளுக்கோஸ் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடல் போய், அங்கிருந்து ரத்தம் போக நேரம் எடுக்கும். பயத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஊட்டினால் ஒரு மணி நேரத்தில் எண் 300ஐத் தாண்டும். அதைப் பார்த்து யாராவது இன்சுலின் போடுவார்கள், மறுபடி பள்ளம். அந்த ஊஞ்சலைத் தடுப்பதற்குத்தான் 15 நிமிடம். இன்னும் 70 தொடவில்லை. அதனால் இன்னொரு 15 கிராம். 3.35க்கு 84.

மூன்று சுற்று கொடுத்தும் ஏறவில்லை என்றால் வாய்வழியை விட்டுவிட்டுச் சிரைவழிக்குப் போக வேண்டும், டாக்டர் நேரில் வர வேண்டும்.

எண் நேரான உடனே மனம் நேராகிவிடாது என்பதும் இங்கே தெரியும். 84 காட்டும்போதும் பெரியவர் மனைவியை “யாரு?” என்கிறார். மூளை தன் வேலையை முழுதாகத் தொடர இன்னும் சிறிது நேரம் கேட்கிறது. கட்டில் கம்பியை உயர்த்திவைத்து, கூடவே ஒருவர் இருக்க வேண்டும். சர்க்கரை நேராகி வெகுநேரமாகியும் தெளிவு வராவிட்டால்தான் மூளையில் வேறு கோளாறு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஆறாம் வரி: தங்கும் உணவு கொடு, மருந்தின் நீளத்தைக் கணக்குப் போடு

பார்த்தால் வேலை முடிந்தது போலிருக்கிறது. உண்மையில் பாதிதான் முடிந்திருக்கிறது. குடித்த குளுக்கோஸ் சீக்கிரம் தீர்ந்துபோகும். அவர் உடம்பில் இருக்கும் மருந்துகளோ மணிக்கணக்கில் ஓடுபவை. அதனால் மெதுவாகச் செரிக்கும் ஓர் உணவு வேண்டும்: ஒரு டம்ளர் பாலும் இரண்டு துண்டு ரொட்டியும் சாப்பிட வைக்கிறார் செவிலியர்.

4.35க்கு 97. அம்மா பெருமூச்சு விட்டு, தரையில் விரித்த பாயில் படுக்கிறார். 5.35க்குச் செவிலியர் மீண்டும் குத்துகிறார். 62.

பெரியவருக்கு வியர்க்கவில்லை, கை நடுங்கவில்லை. “எனக்கு ஒண்ணுமில்லம்மா, தூங்க விடு” என்கிறார். இங்கே இரண்டு புதிர்கள்.

எண் ஏன் மறுபடி இறங்கியது? கிளிமிபிரைடும் அதன் உறவுக்கார மாத்திரையான கிளிபென்கிளமைடும் கணையத்தின் இன்சுலின் செல்களில் ஒரு பொட்டாசியக் கதவைச் சாத்திவைக்கின்றன. அதனால் இன்சுலின் கசிந்துகொண்டே இருக்கும். நாம் குளுக்கோஸ் கொடுத்தால், அதே செல்களுக்கு அது இன்னொரு தூண்டுதல். மேலும் இன்சுலின் சுரக்கும். மருந்தே நோயின் கையைப் பிடித்துக்கொள்கிறது. மாத்திரையின் மிச்சத்தையும் ஊசியில் போட்ட இன்சுலினையும் வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது பலவீனமானால் எல்லா மருந்தும் நீண்டுவிடும். ஆகவே மாத்திரையால் வந்த தாழ்வு என்றால் 24 முதல் 48 மணி நேரம் கண்காணிப்பு. அப்படியும் அடங்காவிட்டால் அந்தச் சுரப்பையே அடக்கும் ஆக்ட்ரியோடைடு என்ற ஊசியை டாக்டர் எழுதலாம்.

இரண்டாவது, ஏன் அறிகுறி இல்லை? சர்க்கரை ஒரு முறை இறங்கினால், அடுத்த ஒரு நாள் அளவுக்கு அட்ரினலின் மணி மெதுவாகத்தான் அடிக்கும். சற்று முன் அலறிய காவலர் அடுத்த முறை கண்ணயர்ந்துவிடுகிறார். அடிக்கடி இறங்குகிறவர்களுக்கு அந்த மணி அடிக்காமலே போகும். சில வாரங்கள் ஒரு முறைகூட இறங்காமல் பார்த்துக்கொண்டால் அது மீண்டும் உயிர்பெறும் என்பது ஆறுதல். ஆகவே முதல் தாழ்வுக்குப் பிறகு “எப்படி இருக்கு?” என்ற கேள்விக்கு வரும் பதில் போதாது. கடிகாரம் பார்த்து விரலைக் குத்த வேண்டும். ஐந்தரை மணிக்கு இந்த இரண்டாம் பள்ளத்தைக் கண்டுபிடித்தது நோயாளியும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. அட்டையின் ஆறாம் வரிதான்.

மறுபடி 15 கிராம் கொடுக்கிறார். டாக்டர் வந்து 10 சதவீதக் குளுக்கோஸை மெதுவாக ஓடவிட்டு, கிளிமிபிரைடை நிறுத்தி, ராத்திரி இன்சுலின் அளவைக் குறைத்து எழுதுகிறார். குறைத்துத்தான் எழுதுகிறார், அடித்துவிடவில்லை. அதிலும் முதல் வகைச் சர்க்கரை நோயாளி என்றால், தாழ்வுக்குப் பயந்து இன்சுலினை முழுதாக நிறுத்தினால் சில மணி நேரத்தில் உடம்பில் அமிலம் சேரத் தொடங்கும். அதுவும் உயிருக்கு ஆபத்து.

ஏழாம் வரி: காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பக்கத்தை மூடாதே

இந்தப் பெரியவரின் கதையில் காரணங்கள் வரிசையாக நிற்கின்றன: சாப்பிடாத இட்லி, மாறாத இன்சுலின் அளவு, தளர்ந்த சிறுநீரகம். தட்டு திரும்பி வந்தபோதே அது செவிலியர் காதுக்கு எட்டியிருந்தால் ராத்திரியே வேறு மாதிரி போயிருக்கும். மற்றவர்களிடம் காரணம் வேறாக இருக்கும். ஸ்கேனுக்காகப் பட்டினி போட்டிருப்பார்கள். மூக்குக் குழாய் உணவு நின்றிருக்கும், இன்சுலின் நின்றிருக்காது. ஸ்டீராய்டு குறைந்திருக்கும், இன்சுலின் குறைந்திருக்காது.

இந்திய வார்டுகளுக்கென்றே ஒரு கண்ணி உண்டு. இங்கே இன்சுலின் இரண்டு செறிவில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். முதலாவதற்குச் சிவப்பு மூடி ஊசி, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20ஆம் கோடு வரை இழுத்தால், உள்ளே இருப்பது அரை மில்லி. அதாவது 50 யூனிட். கோடு 20 என்று சொல்லும், உடம்புக்குப் போவது இரண்டரை மடங்கு. காரணம் புரியாத தாழ்வு என்றால், குப்பைத் தொட்டிக்குப் போவதற்கு முன் மருந்துக் குப்பியையும் ஊசி மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

காலை ஏழு மணி. ஷிஃப்ட் மாறுகிறது. குறிப்பேட்டில் நேரமும் எண்ணும் கொடுத்ததும் வரிசையாக இருக்கின்றன: 3.05க்கு 48, 3.20க்கு 61, 3.35க்கு 84, 4.35க்கு 97, 5.35க்கு 62, 5.50க்கு 88. அடுத்து வந்தவரிடம் சொல்கிறார்: “ராத்திரி ரெண்டு தடவை லோ. மாத்திரை நிறுத்தியாச்சு. நாளைக்கு வரைக்கும் மணிக் கணக்குப்படி பாக்கணும். சாப்பாடு முழுசா எடுத்தாரான்னு பாத்துட்டு இன்சுலின் போடுங்க.” அம்மாவிடமும் ஒன்று சொல்கிறார்: “தட்டுல மிச்சம் வெச்சா உடனே எங்ககிட்ட சொல்லிடுங்கம்மா. நீங்களா லட்டு குடுக்காதீங்க.”

பெரியவர் இட்லியைச் சட்னியில் தொட்டபடி, “ராத்திரி என்ன நடந்துச்சு?” என்று மனைவியைக் கேட்கிறார். அவருக்கு எதுவும் நினைவில்லை. பட்டினி கிடந்த நேரத்தை மூளை பதிந்து வைக்கவில்லை. செவிலியர் அட்டைக்குக் கீழே இருக்கும் சிறு பெட்டியைத் திறக்கிறார். ராத்திரி காலியான குளுக்கோஸ் பாக்கெட்டுக்குப் பதில் புதிதாக ஒன்றை வைத்து, ஸ்ட்ரிப் டப்பாவின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு மூடுகிறார். அட்டையின் கடைசி வரி அதைத்தான் சொல்கிறது: எடுத்ததைத் திரும்ப வை.